கம்ப்யூட்டர் ஒதுக்குன கட்டையும் பிரிச்சுப் பாருங்க

கேள்வி: மணலி பக்கம் மிஷின் பார்ட்ஸ் கம்பெனி, ஹெச்ஆர்ல நாங்க ஆறு பேர். அடுத்த மாசத்துலேர்ந்து ரெஸ்யூம் ஸ்கிரீன் பண்ண ஒரு சாஃப்ட்வேர் வாங்கப் போறாங்க, அதுக்கு முன்னாடி டீமுக்கு அரை மணி நேரம் நான் பேசணுமாம். மனுஷங்கள விட நியாயமா இருக்கும்னு வெண்டர் சொல்றாரு, பாரபட்சம் பாக்கும்னு வேற எல்லாரும் சொல்றாங்க. எதத்தான் நம்புறது, டீம்கிட்ட என்னன்னு சொல்றது?

ரெண்டு பேரு சொல்றதும் ஒரே சாஃப்ட்வேருக்கு ஒரே வாரத்துல உண்மையா இருக்கலாம், அதுதான் இதுல சிக்கலே. எது நடக்கும்ங்கறத அந்த சாஃப்ட்வேர் மட்டும் முடிவு பண்றதில்ல. உங்க கம்பெனி அதுக்கு எதக் காட்டி "நல்ல ஆள்"னு சொல்லிக் குடுத்துச்சு, அது தள்ளிவிட்ட ரெஸ்யூம்கள யாராவது திறந்து பாத்தாங்களா, இந்த ரெண்டும்தான் முடிவு பண்ணும். நான் தண்டையார்பேட்டையில வளந்து, மாதவரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் இருக்கற ஃபேக்டரிங்களுக்கு 17 வருஷமா ஆள் எடுத்துக் குடுத்தவன், கடைசி அஞ்சு வருஷமா இந்த மாதிரி டூல் போட்ட கம்பெனிகள்ல அதோட ரிசல்ட்ட எண்ணிப் பாக்கற வேலையும் சேத்துப் பண்றேன். நேர்ல உங்க டீம் முன்னாடி நின்னா எப்படிப் பேசுவேனோ அப்படியே எழுதறேன், வேணுங்கறத எடுத்துக்கோங்க.

முதல்ல டூல் வர்றதுக்கு முன்னாடி நாம என்ன பண்ணிட்டிருக்கோம்ங்கறத டீம் வாயாலயே சொல்ல வைங்க. டிப்ளமா டிரெய்னி 8 பேர் வேணும்னு விளம்பரம் போட்டா 600 ரெஸ்யூம் வரும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் லிஸ்ட் குடுக்கணும். மேல இருக்கற நூறு நூத்தம்பதத் திறப்போம், அதுக்குள்ள ஷாப் ஃப்ளோர்லேர்ந்து சூப்பர்வைசர் போன் பண்ணி "நம்ம பையன் ஒருத்தன் போட்ருக்கான், கொஞ்சம் பாருங்க"ம்பாரு, அதோட லிஸ்ட் ரொம்பிடும். மிச்சம் 450 பேர யாரும் படிக்கவே இல்ல. நானே பல வருஷம் இப்படித்தான் பண்ணேன், அந்த 450 பேர்ல எத்தன நல்ல ஆள் போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுக்க வழியே கிடையாது. அப்போ டூல் 600ஐயும் ஒரே அளவுகோல்ல படிக்குதுன்னா, உள்ள ஒருத்தரையும் தெரியாத பிள்ளைக்கு அது பெரிய விஷயம், இத டீம்கிட்ட அழுத்திச் சொல்லுங்க. இன்னொரு லாபம் இதவிடப் பெருசு. நான் மனசுக்குள்ள ஒருத்தர ஒதுக்குனா அதுக்கு ஆதாரமே இருக்காது, டூல் ஒதுக்குனா கணக்கு இருக்கும், எண்ணிப் பாக்கலாம், தப்புன்னா திருத்தலாம்.

மனுஷன் ஒதுக்குறது கற்பனை இல்ல. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007ல வெளியிட்ட ஆய்வுல ஒரே மாதிரி தகுதி இருக்கற விண்ணப்பங்கள, பேர மட்டும் மாத்தி, தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பிப் பாத்தாங்க. உயர்சாதி இந்துப் பேருக்கு அழைப்பு வர்ற வாய்ப்பு விகிதத்த 1னு வச்சா தலித் பேருக்கு சுமார் 0.67, முஸ்லிம் பேருக்கு சுமார் 0.33 வந்துச்சு. அதெல்லாம் வடக்க, நம்ம ஊர்ல சாதிப் பேரே போடறதில்ல, இனிஷியல்தான்னு உங்க டீம்ல யாராவது கண்டிப்பா சொல்லுவாங்க. பேருக்குப் பின்னாடி இல்லதான், ஆனா அப்பா பேரு, சொந்த ஊரு, இருக்கற தெரு, படிச்ச ஸ்கூலு, எந்த மீடியம்ங்கறதெல்லாம் ரெஸ்யூம்ல வரிசையா நிக்குது. மனுஷன் அத வச்சு யூகிக்கறான். மெஷின் யூகிக்கக்கூட வேணாம், அந்த வரிகளுக்கும் முன்னாடி நடந்த செலக்‌ஷனுக்கும் என்ன ஒத்துப்போகுதுன்னு பாத்தாலே போதும்.

இங்கதான் அமேசான் கதையச் சொல்லணும், ஏன்னா இது எப்படி நடக்குதுன்னு இதவிடத் தெளிவாக் காட்டற கேஸ் எனக்குத் தெரிஞ்சு இல்ல. 2014ல அவங்க உள்ளுக்குள்ளயே ஒரு டூல் செய்ய ஆரம்பிச்சாங்க, ரெஸ்யூமுக்கு ஒன்னுலேர்ந்து அஞ்சு வரைக்கும் ஸ்டார் குடுக்கும். அது கத்துக்கிட்டது முந்தின பத்து வருஷத்துல கம்பெனிக்கு வந்த ரெஸ்யூம்கள்லேர்ந்து, அதுல பெரும்பாலும் ஆம்பளைங்க. 2015லயே அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, டெக்னிக்கல் வேலைக்கு அது பொம்பளைங்கள சமமாப் பாக்கல. "பெண்கள் செஸ் கிளப் கேப்டன்" மாதிரி 'பெண்கள்'ங்கற சொல் இருந்தா மார்க் கொறச்சுது, ரெண்டு பெண்கள் கல்லூரியில படிச்சவங்களுக்கும் கொறச்சுது. அந்தச் சொற்களக் கண்டுக்காதன்னு திருத்துனாங்க, ஆனா வேற ஏதாவது ரூபத்துல அதே வேலையப் பண்ணாதுங்கற உத்தரவாதம் கெடைக்கல, கடைசில அந்த டீமையே கலைச்சிட்டாங்க. 2018 அக்டோபர்ல ராய்ட்டர்ஸ் இத வெளிய கொண்டு வந்தப்போ, விண்ணப்பிச்சவங்கள மதிப்பிட எங்க ஆளுங்க இதப் பயன்படுத்தவே இல்லன்னு கம்பெனி சொல்லுச்சு.

இத அப்படியே நம்ம பக்கத்துக்குக் கொண்டு வாங்க. பிராட்வேல பாரதி மகளிர் கல்லூரி இருக்கு. உங்க ஃபேக்டரி பத்து வருஷமா அங்கேர்ந்து ஒருத்தரையும் எடுக்கலன்னு வச்சுக்கோங்க, ஒருவேள யாரும் கூப்பிட்டே இருக்க மாட்டாங்க, ஒருவேள நைட் ஷிஃப்ட்னால அவங்களே போட்ருக்க மாட்டாங்க. டூலுக்குக் காரணம் தெரியாது, அந்தக் காலேஜ் பேரு இருக்கற ரெஸ்யூம் "செலக்ட்" பக்கத்துல வந்ததே இல்லங்கறது மட்டும்தான் தெரியும். பொண்ணுங்கள எடுக்காதன்னு எந்த இடத்துலயும் யாரும் டைப் பண்ணல. அதனாலதான் "எங்க சாஃப்ட்வேர்ல ஆணா பெண்ணாங்கற தகவலே கிடையாது சார்"னு வெண்டர் சொல்றப்போ அத ஒரு பதிலா எடுத்துக்காதீங்க, அமேசான் டூலுக்கும் அந்தச் சொல்ல வச்சும் காலேஜ வச்சும்தான் தெரிஞ்சுது.

எனக்கே நடந்த ஒன்னு சொல்றேன், கம்பெனி பேரு வேணாம். மேற்குப் பக்கம் இருக்கற ஒரு வேர்ஹவுஸ். சேந்தவங்க ஆறு மாசத்துக்குள்ள ஓடிடறாங்கன்னு, யாரு நின்னாங்க யாரு போனாங்கங்கற பழைய லிஸ்ட்ட வச்சு, "நிக்கற ஆளுக்கு" ஸ்கோர் போடற மாதிரி ஒரு டூல் வாங்குனாங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஷார்ட்லிஸ்ட்டப் பாத்தா சென்னை-39, சென்னை-81, சென்னை-13 அட்ரஸ் கிட்டத்தட்ட காணோம், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, ராயபுரம் பசங்க மொத்தமா அடியில கெடக்கறாங்க. அவங்க மேனேஜர் சொன்னது எனக்கு இன்னும் காதுல இருக்கு, "பாத்தீங்களா, நாங்க சொன்னா சாதி ஏரியான்னு சண்டைக்கு வருவீங்க, இப்ப கம்ப்யூட்டரே சொல்லுது". பழைய ஃபைல எடுத்து, போனவங்கள ஒவ்வொருத்தரா போன்ல கூப்ட்டுக் கேட்டோம். ரெண்டாவது ஷிஃப்ட் ராத்திரி பத்தரைக்கு முடியும், கம்பெனி பஸ் பூந்தமல்லியோட நிக்கும், அங்கேர்ந்து வடசென்னைக்கு அந்த நேரத்துல வீடு வந்து சேர ராத்திரி ஒரு மணி ஆயிடும், சில நாள் ஆட்டோக்கே அன்னைக்குச் சம்பளத்துல பாதி போகும். மனுஷன் எப்படி நிப்பான்? பஸ் ரூட்ல இருந்த ஓட்டைய அந்த டூல் ஆளோட குணம்னு கத்துக்கிட்டு இருந்துச்சு.

அப்புறம் அட்ரஸ் பின்கோடு ரெண்டையும் டூலுக்குக் காட்டாம மறைச்சுப் பாத்தோம். ஸ்கோர் கொஞ்சம்தான் மாறுச்சு, ஏன்னா படிச்ச ஸ்கூல் பேரும் முன்னாடி வேல பாத்த கம்பெனி பேரும் இருந்துச்சு, அதுவே ஏரியாவச் சொல்லிடுச்சு. ஒரு தகவல அழிச்சா அதோட நிழல் வேற நாலு தகவல்ல நிக்கும், அதனால அழிச்சதோட வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்காம திரும்ப எண்ணிப் பாக்கணும். கடைசில சரியானது எப்படின்னா, பஸ்ஸ வள்ளலார் நகர் வரைக்கும் நீட்டுனாங்க, "நிக்கற ஆளு" ஸ்கோர ஷார்ட்லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டாங்க. இதுலேர்ந்து உங்க டீம் வெண்டர்கிட்ட கேக்க வேண்டிய முதல் கேள்வி வருது: உங்க டூல் எத யூகிக்குது? இன்டர்வியூல செலக்ட் ஆவாரான்னா, சூப்பர்வைசர் மார்க் நல்லா போடுவாரான்னா, ரெண்டு வருஷம் நிப்பாரான்னா? மூணும் வேற வேற, மூணுக்குள்ளயும் பழைய ஆளுங்களோட தீர்ப்போ பழைய வசதிக் கொறச்சலோ ஒளிஞ்சிருக்கு. ரெஸ்யூம்ல இருக்கறத வேலைக்கு வேண்டிய திறமையோட மட்டும் ஒப்பிடுதுன்னா ஆபத்து கம்மி, இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா ஒன்னு, ஏஐ ஏஐன்னு எல்லாரும் பயப்படறப்போ பாதி தப்பு அதுக்கு முந்தியே, சாதா ஃபில்டர்லயே நடந்து முடிஞ்சிருது. அமெரிக்காவுல ஐடியூட்டர்குரூப்னு ஆன்லைன்ல டியூஷன் நடத்தற கம்பெனி, 55 வயசும் அதுக்கு மேலயும் இருக்கற பொம்பளைங்களையும் 60 வயசும் அதுக்கு மேலயும் இருக்கற ஆம்பளைங்களையும் விண்ணப்ப சாஃப்ட்வேர் தானாவே ரிஜெக்ட் பண்ற மாதிரி வச்சிருந்தாங்கன்னு அங்க இருக்கற சமவாய்ப்பு ஆணையம் கேஸ் போட்டுச்சு, 2023ல 3,65,000 டாலர் குடுத்து சமரசம் ஆச்சு. அதுல கத்துக்கறதும் இல்ல யூகிக்கறதும் இல்ல, ஒரு வரி ரூல், அவ்வளவுதான். நம்ம பக்கம் அந்த ரூல் வேற உருவத்துல வரும்: "படிப்பு முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல கேப் இருந்தா தள்ளு". இதுல யாரு விழுவாங்கன்னு யோசிங்க, கல்யாணம் ஆகி குழந்தை பெத்து திரும்ப வர்ற பொண்ணு, அப்பா உடம்புக்கு முடியாம கடையப் பாத்துக்கிட்ட பையன், அரியர் கிளியர் பண்ண ஒரு வருஷம் எடுத்த பிள்ளை.

ரெஸ்யூம படிச்சுப் பிரிக்கற வேலையும் அப்படித்தான். பிரவுசிங் சென்டர்ல ரெண்டு காலம் போட்டு, போட்டோ ஒட்டி, டேபிளுக்குள்ள மார்க்கெல்லாம் அடிச்சுக் குடுக்கற ரெஸ்யூம் இருக்கே, அதப் பல டூல் தாறுமாறாப் படிக்கும். பேப்பர்ல இருக்கறத செல்போன்ல படம் புடிச்சு அனுப்புனா இன்னும் மோசம். டி.எம்.இ.ன்னு போட்டா அது மெக்கானிக்கல் டிப்ளமான்னு புரியாது. வீட்ல லேப்டாப் இருக்கற பிள்ளையோட ரெஸ்யூம் அழகாப் படிக்கப்படும், இல்லாத பிள்ளையோடது "தகுதி: காலி"ன்னு நிக்கும். முதல் வாரமே 50 ரெஸ்யூம எடுத்து, டூல் அதுலேர்ந்து என்னென்ன பிரிச்சு எடுத்துச்சுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, இது ரெண்டு பேரு ஒரு மத்தியானம் உக்காந்தா முடியற வேலை.

இப்ப எண்ணற முறை. அமெரிக்காவுல 1978ல வேலைக்கு ஆள் எடுக்கறதுக்கு ஒரு வழிகாட்டு விதி போட்டாங்க, அதுல அஞ்சுல நாலுன்னு ஒரு அளவு இருக்கு: ஒரு குழுவுலேர்ந்து தேர்வாகறவங்களோட விகிதம், அதிகமா தேர்வாகற குழுவோட விகிதத்துல 80 சதவீதத்துக்குக் கீழ போச்சுன்னா, நின்னு ஏன்னு பாக்கணும். சொல்றதுக்கு வசதியா ஒரு கணக்கு நானே போடறேன், டீம் முன்னாடி போர்டுல எழுதிக் காட்டுங்க. 600 ரெஸ்யூம், 420 ஆண், 180 பெண். கடைசி ஷார்ட்லிஸ்ட்ல 126 ஆண், 42 பெண். ஆண்கள்ல 30 சதவீதம், பெண்கள்ல 23.3 சதவீதம். 23.3ஐ 30ஆல வகுத்தா 0.78, அதாவது 0.8க்குக் கீழ. உடனே எல்லாரும் "ஏஐ பொண்ணுங்களத் தள்ளுது"ம்பாங்க. அவசரப்படாம ஒவ்வொரு கட்டமா எண்ணுங்க. முதல் கட்டம் கேப் ஃபில்டர்: 420 ஆண்கள்ல 378 பேர் தாண்டுனாங்க, 90 சதவீதம். 180 பெண்கள்ல 126 பேர் தாண்டுனாங்க, 70 சதவீதம். ரெண்டாவது கட்டம் ஸ்கோர்: 378ல 126, மூணுல ஒருத்தர். 126ல 42, அதுவும் மூணுல ஒருத்தர். பாத்தீங்களா, ஸ்கோர் போடற பாகம் ரெண்டு பக்கமும் சமமாத்தான் நடந்திருக்கு, மொத்த வித்தியாசமும் ஹெச்ஆர்ல யாரோ ஒருத்தர் எப்பவோ டிக் பண்ணி வச்ச அந்த ஒரு வருஷ கேப் ரூல்லேர்ந்து வருது. அந்த ரூல எடுத்துட்டு, வேலைக்கு நெஜமா என்ன வேணுமோ அதக் கேளுங்க, ஷிஃப்டுக்கு வர முடியுமா, டிராயிங் படிக்கத் தெரியுமா, வெர்னியர் பிடிக்கத் தெரியுமா. பெண்களும் 90 சதவீதம் தாண்டுனா 162 பேர், அதுல மூணுல ஒன்னு 54. அப்போ 12 பொண்ணுங்க கூடுதலா இன்டர்வியூ அறைக்குள்ள வந்திருப்பாங்க, சாஃப்ட்வேர் ஒரு வரி கூட மாறாம. கடைசி நம்பர மட்டும் பாத்துட்டு டூல மாத்துனா தப்பு அப்படியே நின்னிருக்கும்.

இந்த அளவுகோல எவ்வளவு தூரம் நம்பலாம்ங்கறதையும் சொல்லிடணும். சின்ன எண்ணிக்கையில இது ஆடும். 40 ஆண்கள்ல 12 பேர், 10 பெண்கள்ல 2 பேர் தேர்வானா விகிதம் 0.67, பாக்க பயமா இருக்கும். ஆனா ஒரே ஒரு பொண்ணு கூட வந்திருந்தா ரெண்டு பக்கமும் 30 சதவீதம், சமம். அதனால ஒரு தடவ ஆள் எடுத்தத வச்சு எதையும் அறுதியிட்டுச் சொல்லாதீங்க, அதே மாதிரி போஸ்ட்டுக்கு நாலஞ்சு தடவ எடுத்ததச் சேத்து எண்ணுங்க. அதே மாதிரி 0.8க்கு மேல இருந்தா சுத்தம்னும் அர்த்தம் இல்ல, எண்ணிக்கை சமமா இருந்துட்டே தகுதியான பொண்ணத் தள்ளிட்டு தகுதியில்லாத பொண்ண எடுத்திருக்கலாம், இந்தக் கணக்குல அது தெரியாது. நியூயார்க் நகரத்துல 2023 ஜூலையிலேர்ந்து இந்த மாதிரி டூல் பயன்படுத்தறவங்க வருஷா வருஷம் வெளியாள வச்சு ஆடிட் பண்ணி, ரிசல்ட்ட வெளியிடணும்னு சட்டம் நடைமுறையில இருக்கு. அதுல எண்ணச் சொல்றது ஆண் பெண், இனம் இது மட்டும்தான். சாதிய அங்க யாரும் எண்ணறதில்ல, அதனால வெளிநாட்டு வெண்டர் "ஆடிட் பாஸ்"னு பேப்பர் காட்டுனா அது வியாசர்பாடிப் பையனப் பத்தி ஒன்னும் சொல்லல.

சாதிய எப்படி எண்ணறதுங்கறதுக்கு எங்கிட்ட சுத்தமான வழி கிடையாது. தனியார் கம்பெனி விண்ணப்பத்துல சாதி கேக்கறது எனக்கு ஒத்துக்கல, கேட்டா அந்தத் தகவல் எங்க போய் நிக்கும்னே தெரியாது. நான் பண்றது என்னன்னா ஏரியா, அரசுப் பள்ளியா தனியாரா, தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமா, வீட்ல முதல் பட்டதாரியா, இதுகள வச்சு தேர்வு விகிதத்த எண்ணுவேன். இது சாதியோட கணக்கு இல்ல, அதோட ஓரம் மட்டும்தான். இதுல வித்தியாசம் தெரிஞ்சா ஏதோ இருக்குன்னு சொல்லலாம், தெரியலன்னா இல்லன்னு சொல்ல முடியாது. ஆண் பெண் விவரத்த ரெஸ்யூம்லேர்ந்து யூகிக்காம தனி ஃபார்ம்ல, விருப்பம் இருந்தா சொல்லுங்கன்னு கேட்டு, ஸ்கோர் போடற டூலுக்கும் இன்டர்வியூ எடுக்கறவங்களுக்கும் தெரியாம தனியா வைங்க. எதுக்குக் கேக்கறோம்ங்கறதையும் அதுலயே எழுதிடுங்க. பொண்ணுங்கறதுக்காக ஆள் எடுக்கறதுல பாகுபாடு கூடாதுன்னு 1976 சம ஊதியச் சட்டத்துலயே இருந்துச்சு, அதனால இது நல்ல மனசு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லன்னு மேனேஜ்மென்ட்டுக்கும் சொல்லி வைங்க.

எண்ணறது தவிர நான் விடாமப் பண்றது ரெண்டு சோதனை. ஒன்னு ஜோடி ரெஸ்யூம். ஒரு நல்ல ரெஸ்யூம எடுத்து அப்படியே நகல் பண்ணி ஒரே ஒரு விஷயத்த மட்டும் மாத்துங்க. அட்ரஸ் சென்னை-39, இன்னொன்னுல அண்ணா நகர். காலேஜ் பாரதி மகளிர், இன்னொன்னுல ஆணும் பெண்ணும் படிக்கற அதே பாடப்பிரிவு இருக்கற வேற காலேஜ். ஒரு வருஷ கேப் இருக்கு, இன்னொன்னுல இல்ல. ரெண்டையும் டூலுக்குள்ள போட்டு ஸ்கோர் எவ்வளவு மாறுதுன்னு எழுதி வைங்க. ஒரு ஜோடி பத்தாது, ஒவ்வொரு மாத்தத்துக்கும் இருவது ஜோடியாவது போடுங்க, எல்லாம் ஒரே பக்கமா சாயுதான்னு பாருங்க. எந்தப் பக்கமும் சாயாம முன்னப்பின்ன ஒரு மார்க் ரெண்டு மார்க் மாறுனா விடலாம். ஒரே பக்கமா அஞ்சாறு மார்க் இறங்கி, உங்க கட் ஆஃப் அந்த இடத்துல இருந்துச்சுன்னா, அங்க ஆளுங்க விழுந்துட்டே இருக்காங்க.

ரெண்டாவது, தள்ளிவிட்ட கட்டுலேர்ந்து மாசா மாசம் 40 ரெஸ்யூம சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுங்க, டூல் எடுத்ததுலேர்ந்தும் 40 எடுங்க, ஒன்னா கலந்து, ஸ்கோர மறைச்சு, உங்க டீம்ல ரெண்டு பேரு தனித்தனியாப் படிச்சு "கூப்பிடலாம், வேணாம்"னு எழுதட்டும். அப்புறம் ஸ்கோரத் திறங்க. ரெண்டு பேருமே கூப்பிடலாம்னு சொன்ன ஆள டூல் எத்தன பேரத் தள்ளியிருக்கு, அவங்க யாரு, எந்த ஊரு, எந்தக் கட்டத்துல விழுந்தாங்க? எனக்குத் தெரிஞ்சு டூல் பண்ற தப்பக் கண்டுபிடிக்க இதவிட நேரான வழி இல்ல, ஏன்னா எடுத்தவங்க தப்பா இருந்தா இன்டர்வியூல தெரிஞ்சிடும், தள்ளுனவங்க சரியான ஆளா இருந்தா அவங்க எதிர்ல வந்து நிக்கவே மாட்டாங்க. அந்தப் படிக்கற ரெண்டு பேருக்கும் ஸ்கோர முன்னாடியே காட்டிடாதீங்க. 82னு பக்கத்துல பாத்துட்டா நம்ம கண்ணு நல்லதாத் தேடும், 41னு பாத்துட்டா குத்தம் தேடும், எத்தன வருஷ அனுபவம் இருந்தாலும் அப்படித்தான். தினசரி வேலையிலயும் "கடைசியில மனுஷன்தான் முடிவு பண்றாரு"ங்கறது, அந்த மனுஷன் ஸ்கோரப் பாக்கறதுக்கு முன்னாடி படிக்கறாரா பின்னாடி படிக்கறாராங்கறதப் பொறுத்துதான் உண்மையாகும்.

முகத்தப் பாத்து, குரலக் கேட்டு மார்க் போடற வீடியோ இன்டர்வியூ பேக்கேஜையும் சேத்து வெண்டர் தள்ளப் பாப்பாரு. அது வேணாம்னு நான் நேராவே சொல்வேன். இந்தத் தொழில்ல பெரிய கம்பெனியான ஹயர்வ்யூவே முகத்தப் பாத்து மதிப்பிடறத நிறுத்திட்டதா 2021ல அறிவிச்சுது. குரலுக்கும் அப்படித்தான், 2020ல அமெரிக்காவுல அஞ்சு பெரிய கம்பெனிகளோட பேச்ச எழுத்தாக்கற டூல்கள சோதிச்சப்போ வெள்ளைக்காரங்க பேச்சுல நூறு சொல்லுக்கு சுமார் 19 தப்பும் கறுப்பின மக்கள் பேச்சுல சுமார் 35 தப்பும் வந்துச்சு. இங்கிலீஷ் பேசறவங்களுக்குள்ளயே அந்த வித்தியாசம்னா, ராயபுரத்துத் தமிழும் பாதி இங்கிலீஷும் கலந்து பேசற நம்ம பிள்ளைக்கு எவ்வளவு தப்பு வரும்னு யாரும் அளந்து எனக்குக் காட்டல. அளந்து காட்டாத வரைக்கும் லேத் மிஷின் ஓட்ட வர்ற பையனோட சொல்வளத்துக்கு மார்க் போட அத விட மாட்டேன்.

அப்போ வாங்கலாமா வேணாமா? உங்க கம்பெனிக்கு 8 போஸ்ட்டுக்கு 600 வருதுன்னா வாங்கலாம்னுதான் நான் சொல்லுவேன், ஒவ்வொரு கட்டத்துலயும் யாரு விழுந்தாங்கங்கற லிஸ்ட்ட நீங்களே இறக்கி எடுத்துக்கலாம், கட் ஆஃப நீங்களே நகத்தலாம், மாடல மாத்துனா முன்கூட்டியே சொல்லுவோம்னு இந்த மூணையும் ஒப்பந்தத்துல எழுதிக் குடுத்தா. ரிஜெக்ட் லிஸ்ட் தர முடியாது, அது எங்க தொழில் ரகசியம்னு சொன்னா அந்த இடத்துலயே எழுந்துடுங்க. வருஷத்துக்கு 30 ரெஸ்யூம்தான் வருதுன்னா டூலே வேணாம், ஒரு அளவுகோல் எழுதி வச்சுட்டு ரெண்டு பேரு உக்காந்து படிங்க.

டெமோ அன்னைக்கு வெண்டர் அவரோட சாம்பிள் ரெஸ்யூம் கொண்டு வருவாரு, அதுல ஓட விடாதீங்க. போன வருஷம் உங்களுக்கு வந்த டிரெய்னி ரெஸ்யூம்கள பேரு, போன் நம்பர், போட்டோ எல்லாம் அழிச்சு ஒரு பென்டிரைவ்ல கொண்டு போங்க, அதுல நீங்க வேலைக்கு எடுத்து இன்னைக்கு நல்லா வேலை பாத்துட்டிருக்கற பத்து பேரோடதும் கலந்து இருக்கட்டும். ஓட்டி முடிச்சதும் அந்தப் பத்துல எத்தன மேல வந்துச்சுன்னு பாக்கறதுக்கு முன்னாடி, எத்தன கீழ போச்சுன்னு அவரையே எண்ணச் சொல்லுங்க.